மூன்றாம் நாளோடு துக்கம் முடிவதில்லை

நண்பர் ஒருவரின் தந்தை செவ்வாய்க்கிழமை அதிகாலை காலமானார். அன்று மாலையே தகனம். புதன் காலை பால் ஊற்றி, எலும்பு பொறுக்கி வந்தார்கள். வியாழன் இரவு, மொட்டையடித்த தலையோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கு மனிதவளத் துறையிலிருந்து போன் வந்தது. “சார், மூணு நாள் லீவு இன்னிக்கோட முடியுது. நாளைக்கு வந்துடுவீங்கதானே?” என்று கேட்ட பெண்ணின் குரலில் கடுமை ஏதும் இல்லை. தன் முன்னால் இருந்த விதியைத்தான் அவர் வாசித்தார்.

நம் ஊர்த் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் பெற்றோர் இறந்தால் மூன்று நாள் துக்க விடுப்பு தருகிறார்கள். சவ அடக்கத்துக்கு அது போதும். காரியத்துக்குப் போதாது. எட்டாம் நாள் துக்கம், பதினாறாம் நாள் கருமாதி என்று நீளும் வீட்டில், கொள்ளி வைத்த மகன் நான்காம் நாள் பஸ் ஏறி அலுவலகம் போனால் ஊர் சும்மா இருக்காது. அவர் மனமும் ஒப்பாது. ஆனாலும் பலர் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று தவணை முறையில் விடுப்பு கேட்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு நீட்டிப்பும் மேலதிகாரிக்குப் புதிய தொந்தரவாகத் தெரியும். எட்டாம் நாளுக்குள் ‘இவர் எப்போதுதான் வருவார்?’ என்ற கேள்வி எழுந்துவிடும்.

ஆகவே காரியம் முடியும்வரைக்கான விடுப்பை ஒரே கடிதத்தில், மூன்றாம் நாளுக்குள் கேட்டுவிடுவதே நல்லது. இறந்த அன்று மேலதிகாரிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். முறையான கடிதத்தைப் பால் ஊற்றிய பிறகு எழுதலாம். அதற்குள் பெரியவர்கள் காரிய நாளைக் குறித்திருப்பார்கள். நண்பர் கடைசியில் எழுதிய கடிதம் இது:

“என் தந்தை 4ஆம் தேதி அதிகாலை சொந்த ஊரில் காலமானார். கொள்ளி வைத்தவன் நான். எங்கள் வழக்கப்படி பதினாறாம் நாள் காரியம் 19ஆம் தேதி, புதன்கிழமை நடக்கிறது. 4 முதல் 19 வரை விடுப்பு வேண்டுகிறேன். முதல் 3 வேலை நாட்கள் துக்க விடுப்பு. அடுத்த 7 ஈட்டிய விடுப்பு. கடைசி 4 தற்செயல் விடுப்பு. இடையில் வரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விடுப்பில் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். 20ஆம் தேதி காலை பணிக்கு வருவேன். மயான ரசீதை இணைத்துள்ளேன். இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் தருகிறேன்.”

கடிதத்தில் உருக்கம் இல்லை. கணக்குதான் இருக்கிறது. பதினாறு நாள் என்று வாயால் சொன்னால் மேலதிகாரி மலைத்துப் போவார். ஞாயிறு போக 14 வேலை நாள், அதில் நிறுவனம் தனியாகத் தருவது 3 மட்டுமே, மீதி 11 ஊழியரின் சொந்த இருப்பு என்று எழுத்தில் பார்த்தால் மலைப்பு அடங்கும். திரும்பி வரும் தேதி தெரிந்தால் அவர் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிடுவார்.

ஞாயிறு பற்றிய வரியைச் சிறு விஷயமென்று விட்டுவிடக் கூடாது. இரண்டு விடுப்புகளுக்கு நடுவே வரும் விடுமுறையையும் விடுப்பாகவே கழிக்கும் ‘சாண்ட்விச்’ விதி பல இடங்களில் உண்டு. அதன்படி 14 நாள் 16 ஆகிவிடும். நண்பரின் இருப்பில் மிச்சம் ஏதும் இல்லை. எனவே இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு. மாதம் 30,000 ரூபாய் வாங்குபவருக்கு 2,000 ரூபாய் போகும். ஈட்டிய விடுப்போடு தற்செயல் விடுப்பைச் சேர்த்து எடுக்கக் கூடாது என்ற விதியும் சில இடங்களில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் விலக்கு வேண்டுமென்றால் முதல் கடிதத்திலேயே கேட்க வேண்டும். சம்பளச் சீட்டு வந்த பிறகு கேட்டால் அது தகராறாகத்தான் முடியும்.

அடுத்தது சான்றிதழ். ‘இறப்புச் சான்றிதழ் இணைத்தால்தான் விடுப்பு’ என்று கேட்கும் அலுவலகங்கள் இருக்கின்றன. இறப்பைப் பதிவு செய்யவே சட்டம் 21 நாள் அவகாசம் தருகிறது. காரியம் முடிவதற்குள் சான்றிதழ் கைக்கு வராமலே போகலாம். மயான ரசீதோ, மருத்துவமனை தந்த தாளோ, நாளும் இடமும் அச்சிட்ட உத்தரகிரியைப் பத்திரிகையோ அதுவரைக்கும் போதும் என்று ஏற்பதே நியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது? துக்க விடுப்பு என்ற பெயரில் தனியார் ஊழியருக்கு அது எதுவும் தரவில்லை. ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நோய்க்கான 12 நாள் போக, ‘நியாயமான வேறு காரணங்களுக்கு’ ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு கேட்க வழி செய்தது. தந்தையின் காரியத்தைவிட நியாயமான காரணம் எது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமோ, சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கு 15 நாள் முன்னதாக விண்ணப்பிக்கச் சொன்னது. நோய்க்கு மட்டும் விலக்கு தந்தது. நோய் சொல்லிவிட்டு வராது என்று தெரிந்தவர்களுக்குச் சாவும் அப்படித்தான் என்பது ஏனோ தோன்றவில்லை.

பதினாறு நாள் எல்லோருக்கும் பொது அல்ல. பதின்மூன்றாம் நாளோடு முடிப்பவர்கள் உண்டு. ஈழத்துச் சைவர்களுக்கு அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். இஸ்லாத்தில் நெருங்கிய உறவுக்கும் துக்கம் மூன்று நாள்தான். கணவனை இழந்தவருக்கு மட்டும் நான்கு மாதமும் பத்து நாளும். கொள்ளி வைத்த அண்ணனுக்குப் பதினாறு நாளும் ஊரில் வேலை இருக்கும். தம்பிக்கு அவ்வளவு தேவைப்படாது. மாமியார் இறந்தால் வந்தவர்களுக்கெல்லாம் உலை வைக்கிற மருமகளுக்கோ, ‘பெற்றோர்’ என்று மட்டும் எழுதிய விதியில் ஒரு நாள்கூடக் கிடையாது.

ஆகவே, எல்லோருக்கும் பதினாறு நாள் சம்பளத்தோடு கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்பது மூன்றே மாற்றங்கள். பெற்றோரோ, மாமனார் மாமியாரோ இறந்தால், ஊழியர் தம் இருப்பில் உள்ள எந்த விடுப்பையும் முன்னறிவிப்பு இல்லாமல், எந்த வகையோடும் சேர்த்து எடுக்கலாம் என்று எழுதுங்கள். அந்த நாட்களுக்குச் சாண்ட்விச் விதி கிடையாது என்று எழுதுங்கள். சான்றிதழுக்கு ஒரு மாத அவகாசம் என்று எழுதுங்கள். முதலாளியின் கையிலிருந்து கூடுதலாக ஒரு நாள் சம்பளம்கூடப் போகாது. எழுதித் தராத நிறுவனத்திலும் கொடுக்க மனமுள்ள மேலாளர்கள் இருப்பார்கள். ஆனால் காரியத்துக்கு நிற்கும் மகன், மேலாளரின் மனத்தை நம்பி நிற்கும்படி விடக் கூடாது.

நண்பருக்கு விடுப்பு கிடைத்தது; ஞாயிறுகளும் கழிக்கப்படவில்லை. 20ஆம் தேதி காலை 9 மணிக்கு அவர் தன் இருக்கையில் இருந்தார்.