சம்பளச் சீட்டில் 1,700 வெள்ளி: எந்த வரியில் பார்ப்பது, யாரிடம் முறையிடுவது?

"எங்கள் வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பவர்களுக்கு ஊருக்கு ஊர், வேலைக்கு வேலை வெவ்வேறு பதில் கிடைக்கிறது. பாதுகாவலருக்கு ஒன்று, துப்புரவாளருக்கு ஒன்று, தோட்டத்தில் குலை வெட்டுபவருக்கு இன்னொன்று என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கைத்தொழில் தெரிந்தவருக்குச் சட்டப்படி கூடுதல் என்பதும் பரவலான எண்ணம்.

மலேசியாவில் நிலைமை அப்படியில்லை. குறைந்தபட்சச் சம்பள ஆணை வேலையின் வகையைப் பார்ப்பதில்லை, திறனையும் பார்ப்பதில்லை. 2025 பிப்ரவரி 1 முதல் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மாதம் 1,700 வெள்ளி கட்டாயமானது. ஐந்து பேருக்கும் குறைவாக உள்ள சிறு கடை, பட்டறைகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 1 வரை அவகாசம் தரப்பட்டது. அதன் பிறகு நாடு முழுவதும் ஒரே தொகைதான். அந்நியத் தொழிலாளர்களுக்கும் இதே அளவுதான். வீட்டுப் பணியாளர்கள் மட்டும் இந்த ஆணைக்கு வெளியே நிற்கிறார்கள். திறனுக்கு ஏற்பச் சம்பளத்தை உயர்த்தும் முற்போக்குச் சம்பளக் கொள்கை தனியாக இருக்கிறது. ஆனால் அதில் சேருவது முதலாளியின் விருப்பம், கட்டாயமில்லை.

தொகை ஒன்றுதான் என்றால் சிக்கல் எங்கே வருகிறது? சம்பளச் சீட்டில் வருகிறது.

பட்டணத்து உணவகம் ஒன்றில் வேலை செய்யும் ஒருவரின் சீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அடிப்படைச் சம்பளம், அதாவது "காஜி போக்கோக்", 1,450 வெள்ளி. வருகைக்கான அலவன்ஸ் 150, தங்குமிட அலவன்ஸ் 100. கூட்டினால் சரியாக 1,700. முதலாளியும் "சட்டப்படிதானே கொடுக்கிறேன்" என்கிறார். அது சட்டப்படி இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் என்பதற்கு, 2011ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் அடிப்படைச் சம்பளத்தையே சொல்கிறது. அலவன்ஸையோ ஓவர்டைம் பணத்தையோ அதில் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. ஆகவே இவருக்கு மாதம் 250 வெள்ளி குறைகிறது. ஓராண்டு கடந்தால் அது 3,000 வெள்ளி. தொழிலாளியின் ஒப்புதலோடு அலவன்ஸை அடிப்படைச் சம்பளத்தில் இணைத்துக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம். ஒப்புதல் கேட்காமல் சீட்டில் வரிகளைக் கூட்டிக் காட்டுவது அதற்கு ஈடாகாது.

ஹோட்டல் தொழிலாளர்களின் சர்வீஸ் சார்ஜ் விவகாரம் கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. 2021இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, வாடிக்கையாளர் செலுத்தும் அந்தப் பணத்தைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப முடியாது என்று முடிவு செய்தது. அந்தப் பணம் தொழிலாளர்களுக்கு உரியது, முதலாளியின் சம்பளக் கடமைக்கு அதை எடுக்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வங்கியில் 1,700 விழவில்லை என்பதற்காக மட்டும் முதலாளியைக் குறை சொல்ல முடியாது. 1,700 வெள்ளிக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு இபிஎஃப் 187 வெள்ளி. சொக்சோவும் பிடிப்பார்கள். கைக்கு வருவது 1,500 சொச்சம்தான் இருக்கும். பார்க்க வேண்டியது கடைசி வரியை அல்ல, "காஜி போக்கோக்" என்ற வரியை.

நாள் கூலிக்காரருக்குக் கணக்கு வேறு. வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 65.38 வெள்ளிக்குக் குறையக்கூடாது. ஐந்து நாள் வேலை என்றால் 78.46. ஆண்டுச் சம்பளத்தை 52 வாரங்களால் வகுத்து, பிறகு வேலை நாட்களால் வகுத்தால் இந்தத் தொகை வரும். ஆறு நாள் வேலை வாங்கிக்கொண்டு 60 வெள்ளி கொடுப்பவர் ஒவ்வொரு நாளும் 5.38 வெள்ளி கடன் வைக்கிறார் என்று பொருள்.

தோட்டத்தில் நிலைமை இன்னும் நுணுக்கமானது. செம்பனைக் குலை வெட்டுபவருக்கு டன் கணக்கில்தான் கூலி. அடிப்படைச் சம்பளம் என்று ஒரு வரியே அவர் சீட்டில் இருக்காது. "டன் கணக்குக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது" என்று மண்டோர்கள் சொல்வதை இன்றும் கேட்கலாம். ஆணையோ அவர்களைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. துண்டு வேலை, டன், டாஸ்க், டிரிப், கமிஷன் ஆகியவற்றை மட்டும் வைத்துச் சம்பளம் பெறுபவருக்கும் மாதச் சம்பளம் 1,700க்குக் குறையக்கூடாது. காய் குறைந்த மாதத்தில் ஒருவர் வெட்டிய குலைக்கு 1,480 வெள்ளிதான் வருகிறது என்றால், மீதி 220 வெள்ளியை நிர்வாகம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இங்கே தகராறு வழக்கமாக வருகைப் பதிவில்தான் எழும். வேலைக்கு வராத நாட்களைக் காட்டி நிர்வாகம் குறைக்கப் பார்க்கும். வந்த நாட்களைத் தொழிலாளியே நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால் செக்ரோலோடு ஒப்பிட்டுப் பேச முடியும். தொழிற்சங்க உறுப்பினர்கள் தங்கள் கூட்டு ஒப்பந்தத்தையும் பார்க்க வேண்டும். அதில் கூடுதலாக இருந்தால் அதுவே பொருந்தும்.

ஊர் வாரியாகத் தொகை மாறியது பழைய கதை என்றாலும், பழைய பாக்கியைக் கேட்பவர்களுக்கு அது இன்னும் முக்கியம். 2020 பிப்ரவரி முதல் 2022 ஏப்ரல் வரை மாநகர், நகராட்சி மன்றப் பகுதிகளில் 1,200 வெள்ளி. மற்ற இடங்களில் 1,100. ஈப்போவில் கடையில் வேலை செய்தவருக்கு 1,200 பொருந்தும். தாப்பா மாவட்ட மன்றத்துக்கு உட்பட்ட பீடோரில் வேலை செய்தவருக்கு 1,100தான். எங்கே குடியிருந்தார் என்பதல்ல, எங்கே வேலை செய்தார் என்பதே கணக்கு. 2022 மே 1 முதல் 1,500 வந்தபோதும், ஐந்து பேருக்குக் குறைந்த கடைகளுக்கு 2023 ஜூலை 1 வரை தள்ளிவைக்கப்பட்டது. எனவே பாக்கி கேட்பவர் வேலையிடம், மாதம், அப்போது அங்கே எத்தனை பேர் வேலை செய்தார்கள் ஆகிய மூன்றையும் சொல்ல வேண்டும். சம்பளப் பதிவேடுகளை முதலாளி ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். சீட்டுத் தொலைந்துபோனவர்களுக்கு இது உதவும்.

யாரிடம் போவது? தொகையைப் பரிந்துரைப்பது சம்பள ஆலோசனை மன்றம், ஆணை பிறப்பிப்பது மனிதவள அமைச்சர். ஆனால் அமலாக்கம் தொழிலாளர் இலாகாவின் கையில்தான் இருக்கிறது. பலகையில் "ஜபாத்தான் தெனாகா கெர்ஜா" என்று எழுதியிருக்கும். தீபகற்பத்தில் வேலையிடம் உள்ள வட்டாரத்தின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனி இலாகாக்கள் உண்டு.

அங்கே இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுவதால்தான் பலருக்கு ஏமாற்றம். புகார் கொடுத்தால் அதிகாரி சோதனை நடத்துவார். குற்றம் உறுதியானால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். அந்த அபராதம் அரசாங்கத்துக்குப் போகும், தொழிலாளியின் கைக்கு வராது. குறைந்த பணத்தைத் திரும்பப் பெற நினைப்பவர், அதே இலாகாவில் தொழிலாளர் நீதிமன்றத்துக்குக் கோரிக்கை மனு கொடுக்க வேண்டும். அங்கே விசாரிப்பவர் இலாகா அதிகாரியே. வழக்கறிஞர் வைத்தாக வேண்டியதில்லை. மேலே சொன்ன உணவகத் தொழிலாளி சம்பளச் சீட்டுகள், வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, மாதவாரியாக 250 வெள்ளி குறைந்ததைக் காட்டும் ஒரு பட்டியல் ஆகியவற்றோடு போனால் அதிகாரிக்குக் கணக்குப் புரிய அதிக நேரம் பிடிக்காது.

புகார் கொடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கிவிட்டால் என்ன செய்வது? அது தொழிலாளர் இலாகாவின் வேலை அல்ல. வேலையைத் திரும்பக் கேட்கும் மனுவைத் தொழில் உறவு இலாகாவிடம், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். சம்பளப் பாக்கி மனுவின் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் அந்த 60 நாட்கள் கடந்துபோய்விடும்.