தவறுதலாக ரத்தான ஆபீஸ் மெயில்: திரும்ப வருமா, எதெல்லாம் வராது?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி அலுவலகம். 20 பேருக்கு மைக்ரோசாஃப்ட் 365 மெயில். வருடச் சந்தா புதுப்பிக்கப்பட்டு கார்டில் பெரிய தொகை போனதும், கணக்குப் பிரிவில் ஒருவர் 'இது எதுக்கு?' என்று ரத்து செய்துவிடுகிறார். மறுநாள் காலை மெர்ச்சண்டைசர் பையரின் சாம்பிள் கமெண்ட்ஸைத் தேடினால், மெயிலே திறக்கவில்லை. இது கற்பனைதான். ஆனால் வருடச் சந்தாவில், தொடங்கிய அல்லது புதுப்பித்த முதல் 7 நாளுக்குள் மட்டுமே ரத்து செய்து பணம் திரும்பப் பெற முடியும். அதனால் தவறு நடக்க வாய்ப்புள்ள நேரமும் அதுதான்.

தரவு உடனே அழியாது. ரத்தான சந்தா 'Disabled' நிலைக்குப் போகும். பெரும்பாலான திட்டங்களுக்கு இது 90 நாள். ஊழியர்கள் உள்ளே போக முடியாது, அட்மின் போகலாம். admin.microsoft.com தளத்தில் Billing, பிறகு Your products, அதில் அந்தச் சந்தாவைத் திறந்து Reactivate this subscription கொடுக்க வேண்டும். டீலர் மூலம் வாங்கியிருந்தால் அவர்தான் செய்து தர வேண்டும். பழைய மெயில், ஃபோல்டர், ஒன்டிரைவ் ஃபைல், செட்டிங்ஸ் எல்லாம் அதே பயனர் கணக்கில் இருப்பதால் அப்படியே திரும்பும். இடைப்பட்ட நாட்களில் பையர் அனுப்பி 'பவுன்ஸ்' ஆன மெயில் மட்டும் வராது. திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

பதற்றத்தில் செய்யும் வேலைதான் ஆபத்து. 'புதுசா ஆரம்பிச்சுக்கலாம்' என்று பயனர்களை நீக்கினாலோ, லைசென்ஸை எடுத்துவிட்டாலோ, மெயில்பாக்ஸுக்குக் கெடு 90 நாள் அல்ல, 30 நாள்தான். இன்னொரு சிக்கல்: அட்மின் பாஸ்வேர்டை மீட்கும் முகவரியும் அதே கம்பெனி மெயிலாக இருந்தால், சாவியைப் பூட்டின அறைக்குள்ளேயே வைத்த கதை. வெளியே ஒரு மெயிலோ செல்போன் எண்ணோ கொடுத்திருப்பது நல்லது.

விலைக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. ஒப்பந்தக் காலம் முடியும்வரைதான் பழைய விலை நிலைக்கும். ரத்தோடு அந்த ஒப்பந்தமும் முடிகிறது. 2022 மார்ச்சில் பிசினஸ் பிரீமியம் திட்டத்தின் அமெரிக்கப் பட்டியல் விலை, ஒருவருக்கு மாதம் 20 டாலரிலிருந்து 22 டாலரானது. அதற்கு முன் வருடச் சந்தா எடுத்தவர்களுக்கு அடுத்த புதுப்பித்தல் வரை 20தான். 20 பேர் அலுவலகத்துக்கு வித்தியாசம் வருடத்துக்கு 480 டாலர். டாலரில் பில் போடும் ஊருக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. எனவே உறுதி செய்யும் முன் திரையில் காட்டும் தொகையையும் லைசென்ஸ் எண்ணிக்கையையும் பழைய பில்லோடு ஒப்பிட வேண்டும். சலுகை விலையில் வாங்கியிருந்தால், டீலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டே பட்டனை அழுத்தலாம்.

'Recurring billing' மட்டும் நிறுத்தப்பட்டிருந்தால் அது ரத்தே அல்ல. முடிவு தேதிக்குள் மறுபடி ஆன் செய்தால் போதும். மெயில் ஒரு நிமிடம்கூட நிற்காது.