மங்கிய கடிதமும் அவசர வாசிப்பும்

பழைய குடும்பக் கடிதங்களைத் தட்டச்சுச் செய்து உறவினருக்கு அனுப்பும் வழக்கம் புலம்பெயர்ந்தோரிடையே பெருகியிருக்கிறது. நல்ல காரியந்தான். ஆனால் தெளிவில்லாத சொல்லை ஊகித்துவிட்டு, அது ஊகம் என்று குறிக்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பேரப்பிள்ளைகள் பார்க்கப்போவது தட்டச்சுப் பிரதியை மட்டுமே.

உப்புவெளியில் ஒரு வீட்டு அலுமாரியில் கிடந்த கடிதத்தின் படம், ரொறன்ரோ நண்பர் ஒருவர் வழியாக என்னிடம் வந்தது. அவருடைய அம்மம்மா தம்பிக்கு எழுதியது. காணி உறுதி 'கொடி அறையில்' இருப்பதாகக் குடும்பத்தார் வாசித்திருந்தனர். கோயிற் கொடி வைக்கும் அறை என்று பொருள்கொண்டு, உறுதியைக் கோயிலார் வைத்திருந்ததாக ஒரு கதையும் உருவாகிவிட்டது.

முதலில் வேறு படம் கேட்டேன். குறுஞ்செய்திச் செயலிகள் படத்தைச் சுருக்கும்போது முதலில் அழிவது புள்ளியும் கொம்பின் சிறு சுழியுமே. ஆகவே, மின்னொளி பாய்ச்சாமல், யன்னலோரம் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து, சுருக்காத கோப்பாக அனுப்பச் சொன்னேன். மை வெளிறிய இடத்திலும் பேனா முனை அழுத்திய தடம் அப்படித்தான் தெரியும். பின்னர் படத்தின் நீலக் கூறை மட்டும் பிரித்துக் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். பழுப்பேறிய பழைய மை அதில் கருமையாகத் தெரியும். (நீல மையாயின் சிவப்புக் கூறு.) ஆனால் நீர்க்கறையும் பழுப்புத்தான், அதுவும் கூடவே கறுக்கும்.

அடுத்து அம்மம்மாவின் கையெழுத்தைப் படித்தேன். 'கொண்டு' என்பதில் அவருடைய கொம்பு மேலே திறந்து நிற்கிறது. 'கோணேசர்' என்பதில் சுழித்து மூடுகிறது. சர்ச்சைக்குரிய சொல்லில் மூடிய சுழியின் பாதி தெரிந்தது. அது 'கோடி அறை'. ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம் எங்கள் வாசிப்பைச் சொல்லாமல் அந்த வரியை மட்டும் காட்டச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டால் ஆமென்று தலையாட்டுவார்கள். "வீட்டின்ரை பின்கோடி அறை" என்றார் அவர், தயங்காமல்.

ஆண்டுதான் கடினமாக இருந்தது. 'விரோதி' என்பதற்குப் பின் கறை. அது விரோதியானால் 1949 - 50. 'விரோதிகிருது' ஆனால் 1971 - 72. காணி விடயத்தில் 22 ஆண்டுகள் சிறிய இடைவெளியல்ல. கறையின் அகலம் இரண்டுக்கும் இடங்கொடுத்தது. மாதமும் தேதியும் கிழமையும் தெளிவாக இருந்ததால் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டோம். 1949 பொருந்தியது, 1971 பொருந்தவில்லை.

உறுதியை யாரிடம் கொடுக்கவேண்டும் என்ற பெயர் மட்டும் தேறவில்லை. குடும்பத்தில் இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. இரண்டுமே அந்த இடத்தில் அடங்கும். புதிய பிரதியில் அவ்விடத்தை இப்படி இடச் சொல்லியிருக்கிறேன்: [நான்கைந்து எழுத்து, வாசிக்க இயலவில்லை]. நண்பரின் மாமாவுக்கு இதில் கடுங்கோபம்.