இரண்டாவது பிரிவு

ஓய்வூதியர்களின் ஊர் என்று பெயரெடுத்த மைசூரில், சரஸ்வதிபுரத்திலும் குவெம்புநகரிலும் ஜெயலட்சுமிபுரத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ பெற்ற குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் வளர்ப்பது இன்று யாரும் வியந்து பேசாத வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்தோடு ஒரு நம்பிக்கையும் ஊன்றிவிட்டது. கைக்குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, மூன்று வயதுக்கு முன் நடந்த எதுவும் நினைவில் நிற்காது, தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பதால் பெற்றவளிடம் போய்ச் சேர்ந்ததும் பத்து நாளில் பழகிவிடும் என்பதே அந்நம்பிக்கை. வீட்டுப் பெரியவர்களும் நண்பர்களும் சில வேளைகளில் மருத்துவர்களும்கூட ஆறுதலாகச் சொல்லும் இக்கூற்று உண்மைக்குப் புறம்பானது. குழந்தையின் துயரத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே காணாமல் இருக்கச் செய்வதால் தீங்கானதும்கூட.

குழந்தையை அனுப்பிவைக்கும் பெற்றோரைக் கல்நெஞ்சர் என்று தூற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதற்கும் பொதுவாகக் கிடைக்கும் பேறுகால விடுப்பு பன்னிரண்டு வாரம்தான். அதற்கும் ஊதியம் உண்டு என்ற உறுதி சட்டத்தில் இல்லை. பேறு பார்க்க மைசூரிலிருந்து போகும் பாட்டிக்கு வருகையாளர் விசாவில் வழக்கமாக ஆறு மாதம் தங்க இசைவு கிடைக்கும். விடுப்பு முடிந்து தாய் வேலைக்குத் திரும்பி, பாட்டியின் ஆறு மாதமும் முடியும் நாளில், குழந்தைகள் காப்பகத்தின் கட்டணம் ஒரு சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்குமென்ற கணக்கு முன்னே நிற்க, பாட்டி ஊர் திரும்பும் விமானத்திலேயே குழந்தையையும் ஏற்றிவிடுவது என்ற முடிவு உருவாகிறது. வளைகுடா நாடுகளில் குறிப்பிட்ட சம்பளத்துக்குக் கீழே உள்ளோர் குடும்பத்தை அழைத்துக்கொள்ளவே முடியாது. ஆகவே இங்கே கேள்விக்குரியது, பிரிவை எளிதாக்கிக் காட்டுவதற்காகச் சொல்லப்படும் ‘தானாகச் சரியாகிவிடும்’ என்ற வாக்குறுதியே.

பற்றுப்பிணைப்பு என்று உளவியலாளர் குறிப்பிடுவது, பசியிலும் வலியிலும் அச்சத்திலும் தன்னை மீண்டும் மீண்டும் அமைதிப்படுத்தும் ஒருவரிடம் குழந்தை கொள்ளும் உறவை. பிறப்பினால் கிடைக்காத அவ்வுறவு, ஏறக்குறைய ஆறு, ஏழு மாதத்தில் தெளிவாக உருக்கொண்டு, இரண்டு மூன்று வயது வரை மிகக் கூர்மையாக வளர்வது; இரவு விழித்து அழும்போது யார் எடுக்கிறாரோ அவரிடமே அது வேர்விடும். ஆறாவது மாதத்தில் மைசூருக்கு வரும் குழந்தைக்கு அவர் பாட்டியாகத்தான் இருக்க முடியும். தொலைபேசித் திரையில் நாள்தோறும் தோன்றும் தாயின் முகமும் குரலும் குழந்தைக்குப் பழகும் என்பது மெய். ஆனால் திரை அழுகையை ஆற்றுவதில்லை என்பதால், அந்த முகம் அறிந்த முகமாகவே நின்றுவிடுகிறது.

நினைவில் நிற்காது என்ற வாதத்தையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும். வளர்ந்த பின் ஒருவரால் இரண்டு வயது நிகழ்ச்சியைக் கதையாகச் சொல்ல முடியாதுதான். எனினும், யாரை நம்பலாம், அழுதால் யார் வருவார், வராமல் போவாரா என்ற எதிர்பார்ப்புகள் கதை வடிவில் சேமிக்கப்படுவன அல்ல; அவை குழந்தையின் நடத்தையிலும் உடலிலும் பழக்கமாகப் படிகின்றன. பற்றுப்பிணைப்புக் கோட்பாட்டை உருவாக்கிய ஜான் பௌல்பியோடு இலண்டனில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்சும் இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். 1969இல் வெளியான அவர்களது படமொன்றில், தாய் மறுபேற்றுக்குப் போனதால் பதினேழு மாதக் குழந்தை ஜான் ஒன்பது நாள் ஒரு காப்பகத்தில் விடப்படுகிறான். மாறி மாறி வரும் பணிப்பெண்களில் ஒருத்தியைத் தனக்கென்று பிடித்துக்கொள்ள முயன்று தோற்று, ஒன்பதாம் நாள் தாய் வந்து நிற்கும்போது அவளை ஏறிட்டுப் பாராமல் திமிறுகிறான். தாயைக் குழந்தை மறந்துவிட்டதாகக் காண்போர் நினைக்கலாம். நெடுநேரம் எதிர்பார்த்து நம்பிக்கையிழந்த பின் தோன்றும் அந்த விலகலுக்குப் பற்றறுநிலை என்பது ஆய்வாளர் தந்த பெயர்.

மைசூர்க் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று, அதே காலத்தில் ராபர்ட்சன் தம்பதியர் தம் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்ட நான்கு குழந்தைகளைப் பற்றியது. பதினேழு மாதம் முதல் இரண்டு வயது ஐந்து மாதம் வரையான அக்குழந்தைகள் பத்து நாள் முதல் இருபத்தேழு நாள் வரை அங்கே இருந்தார்கள். ஒரே வளர்ப்புத்தாய் முழு நேரமும் உடனிருந்து, அம்மாவைப் பற்றி அடிக்கடி பேசியதால், அவர்களில் எவரும் ஜானைப் போல நொறுங்கவில்லை. பாட்டியின் வளர்ப்பு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்பதால் அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த நால்வரில் சிறியவர்கள், பெற்றோர் திரும்பி வந்ததும், வளர்ப்புத்தாயை விட்டுப் போகவே சிரமப்பட்டார்கள். பத்து இருபது நாளில் ஊன்றிய உறவே அவ்வளவு வலித்ததென்றால், மூன்று ஆண்டு ஊன்றிய உறவைச் சட்டென்று அறுத்தால் என்ன நிகழும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர் கண்ணுக்கு ஒன்றுசேர்தலாகத் தெரியும் நாள், குழந்தைக்கு இரண்டாவது பிரிவின் நாள். முதல் பிரிவைவிடப் பெரிய பிரிவும் அதுவே.

வழக்கமாக அது நடக்கும் முறையை ஒரு மாதிரிக் குடும்பத்தைக் கொண்டு விளக்கலாம். ஆறு மாதத்தில் குவெம்புநகருக்கு வந்து மூன்றரை வயது வரை பாட்டியோடு படுத்துறங்கிய ஒரு பெண் குழந்தையை, பள்ளியில் சேர்க்கும் நேரம் வந்ததென்று, இரண்டு வார விடுப்பில் வந்த தந்தை நியூஜெர்சிக்கு அழைத்துச் செல்கிறார். அழுமே என்று அஞ்சி, அது தூங்கும்போதோ வேடிக்கை பார்க்கும்போதோ பாட்டி விலகிக்கொள்கிறார். போன இடத்தில் முதல் மூன்று வாரம் குழந்தை வியக்கத்தக்க ஒழுங்கோடு இருக்கிறது. ஊட்டினால் உண்கிறது, அடம்பிடிப்பதில்லை, கேட்டால்தான் பேசுகிறது. பழகிவிட்டது என்று பெற்றோர் மகிழ்ந்து ஊருக்குச் செய்தி சொல்வது அப்போதுதான். உண்மையில் அது விருந்தாளியின் அடக்கம். உரிமையுள்ள வீட்டில் மூன்றரை வயதுக் குழந்தை அப்படி இருக்காது. பிறகு நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் திரும்புகிறது. இரவில் விழித்தலும், விழுந்து அடிபட்டாலும் தாயிடம் ஓடாமல் தனியே அழுதலும், தாய் அறையை விட்டு வெளியேறினால் அலறுதலும் தோன்றுகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்ன அலறலும் அதையொட்டி எழும் கோபமும் நல்ல அறிகுறிகள். தாயை இழக்கக் கூடாத ஒருவராகக் குழந்தை எண்ணத் தொடங்கியதற்கு அவை சான்று. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கட்டத்தில்தான் கண்டிப்பு தொடங்குகிறது.

கண்டிப்போடு பழியும் பிறக்கிறது. பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார், அவரோடு பேசப் பேசத்தான் குழந்தை ஏங்குகிறது என்று முடிவு செய்து, வாராவாரம் இருந்த அழைப்பைக் குறைத்து, ஒரு கட்டத்தில் நிறுத்தியே விடுகிறார்கள். இதைவிடத் தவறான மருந்து வேறில்லை. முதலில் மறைந்துபோன அம்மாவைப் போலவே இப்போது பாட்டியும் மறைந்துவிட்டார் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. மூன்றாவதாக ஒருவரை நம்ப அதற்கு என்ன காரணம் இருக்கிறது? பாட்டியின் இழப்பையும் ஒருவரும் பேசுவதில்லை என்பது வருந்தத்தக்கது. எழுபது வயதில் மூன்று ஆண்டு இரவும் பகலும் ஒரு குழந்தையைச் சுமந்தவர், அது போன மறுநாளே தம் கடமை முடிந்ததென்று அமைதியாக இருக்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறார்.

மொழியும் இதில் சேர்கிறது. மைசூர்த் தமிழ் வீட்டில் வளரும் குழந்தையின் பேச்சு, கன்னடச் சொற்கள் இயல்பாகக் கலந்த தமிழ். புதிய பள்ளிக்காக வீட்டிலும் ஆங்கிலமே பேசுவது என்று பெற்றோர் முடிவெடுத்தால், தன் துயரத்தைச் சொல்ல அது வைத்திருந்த சொற்கள் அத்தனையும் ஒரே வாரத்தில் பயனற்றுப் போகின்றன. சிறுவயதில் கைவிடப்படும் மொழி எவ்வளவு முழுமையாக அழியக்கூடும் என்பதற்கு, பிரெஞ்சுக் குடும்பங்கள் மூன்று முதல் எட்டு வயதில் தத்தெடுத்த கொரியக் குழந்தைகளை வளர்ந்த பின் ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு சான்று. தாய்மொழியாயிருந்த கொரிய மொழியை அவர்களால் மற்ற அயல்மொழிகளிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. மொழி போனால் பாட்டியோடு பேசும் வழியும் அதனோடு போய்விடும்.

மைசூரில் இத்தகைய பேச்சு எழுந்தால் எழுத்தாளர் ஆர். கே. நாராயணனை எடுத்துக்காட்டுவோர் உண்டு. 1906இல் சென்னையில் பிறந்த அவர், பெற்றோர் மைசூர் அரசில் பணிநிமித்தம் வாழ்ந்தபோது புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, தந்தை மைசூர் மகாராஜா பள்ளியின் தலைமையாசிரியரான பின் பதின்பருவத்தில் அங்கே வந்து சேர்ந்தார். பாட்டி வளர்த்த பிள்ளை புகழ்பெற்றவரானது மெய். அது இந்நம்பிக்கைக்குச் சான்றாகாது. பெற்றோரும் பாட்டியும் ஒரே மொழி பேசினர். இடைப்பட்ட தொலைவு ஓர் இரவு ரயில் பயணம். வந்து சேர்ந்தது தன் ஏக்கத்தைச் சொல்லத் தெரிந்த வயதில். இவற்றுள் ஒன்றுகூட இல்லாமல் பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அவரை உவமை காட்டுவது நேர்மையன்று.

இரண்டாவது பிரிவின் வலியைக் குறைக்க, கைமாற்றம் குழந்தையின் இடத்தில் நடக்க வேண்டும். தாயோ தந்தையோ மைசூருக்கு வந்து குறைந்தது ஒரு மாதம் தங்கி, முதல் வாரத்தில் பாட்டி குளிப்பாட்டி ஊட்டும்போது அருகிலிருந்து, அடுத்த வாரங்களில் பாட்டி அருகிலிருக்கத் தாமே அவற்றைச் செய்து, உறங்கவைப்பதை இறுதியாக ஏற்க வேண்டும். இருட்டில்தான் குழந்தைக்கு அச்சம் மிகுதி என்பதால் இந்த வரிசையை மாற்றுவது நல்லதன்று. பிறகு பாட்டியும் உடன்சென்று சில மாதம் இருந்து, குழந்தை விழித்திருக்கும்போது, போகும் நாளை முன்கூட்டிச் சொல்லி, அழுதாலும் அதன் கண்ணெதிரே விடைபெற வேண்டும். அழைப்பு குறித்த நேரத்தில் தொடர வேண்டும். அம்மாவிடம் போ, பாட்டி இங்கேதான் இருக்கிறேன் என்று அவர் வாயால் கேட்பது, தாயை நேசிப்பது பாட்டிக்குத் துரோகமாகாது என்ற இசைவைக் குழந்தைக்குத் தருகிறது. அதே ஆண்டில் மறுபேறு, வீடு மாற்றம் போன்றவற்றைத் தவிர்க்க முடிந்தால் நல்லது.

இவ்வளவும் செய்தாலும் குழந்தை பழகுவது சில வாரத்தில் முடியாது. ஓராண்டு ஆவது இயல்பு. பல மாதம் கடந்தும் குழந்தை யாரிடமும் ஆறுதல் தேடாமல் இருந்தாலோ, பேச்சு அடியோடு நின்றாலோ குழந்தை உளவியல் வல்லுநரை அணுக வேண்டும்; மைசூரிலேயே பேச்சுக் குறைபாடுகளுக்கு அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும், பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் குழந்தைகள் மனநலப் பிரிவும் உள்ளன.

குழந்தையை அழைத்துக்கொள்ளத் திட்டமிடும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: குழந்தைக்குப் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன், மைசூருக்கு வந்து ஒரு மாதம் தங்க உங்களுக்கொரு சீட்டையும், உடன்வரப் பாட்டிக்கொரு சீட்டையும் வாங்குங்கள்; விடுப்பு கிடைக்கவில்லையென்றால், கிடைக்கும் வரை அந்த நாளைத் தள்ளிவையுங்கள்.