மாடியில ஆடிக்கூழ்: தடை வேண்டாம், விதி போதும்

அபார்ட்மெண்ட் மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்? மேல் வீட்டுக்காரருக்கு மட்டும் இல்லை. 2016 ரியல் எஸ்டேட் சட்டம் அதைப் பொது இடமாகவே சொல்கிறது. கூழ் ஊத்தவோ, காதுகுத்து வைக்கவோ எல்லா வீட்டுக்காரரும் கேட்கலாம்.

ஆனா, தேனி, கம்பம் பக்கம் ஆனி, ஆடிக் காத்து சும்மா விடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று, 20 அடிக்கு 10 அடி பந்தல் தடுப்புத் துணியை நேராக அடித்தால், 200 கிலோவுக்கு மேல் தள்ளும். கயிற்றைத் தண்ணீர் டேங்க் குழாயில் கட்டினால், உடைவது குழாய்தான்.

அதனால் அந்த ரெண்டு மாசமும் மாடியில பந்தல் வேண்டாம். படியை மறிக்காமல் கீழே பார்க்கிங்கில் போடலாம். ஸ்பீக்கர் மட்டும் இரவு 10 மணிக்கு நிற்கணும். அது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. சங்கம் தளர்த்த முடியாது.