இரண்டு சதவீதத்தின் உண்மையான வட்டி

‘பத்து நாளில் பணம் கட்டினால் 2 சதவீதம் கேஷ் டிஸ்கவுன்ட், இல்லாவிட்டால் 30 நாளில் முழுத்தொகை.’ நூல் வாங்கும் பனியன் கம்பெனிக்காரர் ஒருவருக்கு இப்படியொரு பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். “ரெண்டு பர்சன்ட்டுக்காகக் கைக்காசை ஏன் முன்னாடியே விடணும்? பேங்க் வட்டியே 12 பர்சன்ட்” என்பார் அவர். தொழில் செய்பவர்களில் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். இது தவறான கணக்கு. 12 என்பது ஒரு வருடத்துக்கான வட்டி. 2 என்பது இருபதே நாளுக்கானது.

பில் ஒரு லட்சம் ரூபாய் என்றால் பத்தாம் நாள் 98,000 கட்டினால் போதும். கட்டாதவர் அந்த 98,000-ஐ இன்னும் 20 நாள் கையில் வைத்திருக்க 2,000 ரூபாய் கொடுக்கிறார். முதல் பத்து நாள் எப்படியும் இலவசம்தான். அதைக் கணக்கில் சேர்ப்பதால்தான் பலர் ‘மாதம் 2, வருடத்துக்கு 24’ என்று குறைத்துச் சொல்கிறார்கள். 2,000-ஐ 98,000-ஆல் வகுத்தால் 2.04 சதவீதம். வருடத்தில் 18.25 இருபது நாட்கள் இருக்கின்றன. பெருக்கினால் 37.2 சதவீதம்.

நம் ஊர்ப் பேச்சில் இது மூணு வட்டிக்கும் மேல். மூணு வட்டிக்குக் கடன் வாங்குவதை ஆபத்து என்று ஒதுக்குகிறவர், அதே விலையை நூல்காரரிடம் பில்லுக்குப் பில் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வட்டி என்ற பெயர் இல்லாததால் அது அவர் கண்ணில் படுவதில்லை. வங்கியின் சிசி கணக்கில் 12 சதவீதத்துக்கு 98,000 எடுத்துப் பத்தாம் நாள் கட்டினால் 20 நாள் வட்டி சுமார் 644 ரூபாய். ஒரு பில்லில் 1,356 ரூபாய் மிச்சம்.

இதற்கு எல்லைகளும் உண்டு. டிஸ்கவுன்ட் வரிக்கு முந்தைய தொகைக்கு மட்டும் என்றால், 5 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பத்தாம் நாள் 1,03,000 கட்ட வேண்டும், விலை 35.4 சதவீதமாகச் சற்று இறங்கும். சிசி லிமிட் நிரம்பி, கைமாற்று தருபவர் முழு மாத வட்டி கேட்டால் மூணு வட்டிக்கு 2,940 ஆகும். அப்போது டிஸ்கவுன்ட்டை விட்டுவிடலாம். சப்ளையர் கேட்காமல் விடுவதால் 60-ஆம் நாள் கட்டுகிறவருக்கு விலை 14.9 சதவீதம்தான். ஆனால் அந்தத் தாமதத்தை லாபம் என்று எண்ணக் கூடாது. நூலை உற்பத்தி செய்து விற்பவர் பதிவு பெற்ற சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்க 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருவதில்லை. மீறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

அடுத்த பில் வரும்போது, உங்கள் கடன் வட்டியை அந்த இருபது நாளுக்குக் கணக்குப் போட்டு டிஸ்கவுன்ட் தொகையோடு ஒப்பிடுங்கள். வட்டி குறைவாக இருந்தால் பத்தாம் நாளே கட்டிவிடுங்கள். ஒன்பதாம் நாள்கூட வேண்டாம்.