பக்கத்து ராசிக்காரர்கள்

தங்கை மகளுக்கு வரும் மாசியில் கல்யாணம். பெண் ரோகிணி, ரிஷப ராசி. பையன் பரணி, மேஷ ராசி. பொருத்தமெல்லாம் பார்த்து, காபி குடித்து, இரண்டு வீட்டாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது பையனின் பெரியப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

“எல்லாம் சரிதான். பொண்ணுக்கு வியாழ நோக்கம் இருக்கு. எங்க பையனுக்கு இப்ப இல்லையே. ரெண்டு பேருக்கும் சேர்ந்து வர்ற வருஷமாப் பாத்து வச்சுக்கலாமே?”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்திலும் எல்லோரும் தலையாட்டினார்கள், நான் உட்பட.

வியாழ நோக்கம் என்று எங்கள் பாட்டி சொன்னதைத்தான் இப்போது குரு பலம் என்கிறோம். கணக்கு சின்னது. பிறந்தபோது சந்திரன் நின்ற ராசியை ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். இன்றைக்கு ஆகாயத்தில் குரு இருக்கும் ராசி அதற்கு 2, 5, 7, 9, 11 ஆக வந்தால் குரு பலம் உண்டு. மற்ற ஏழு இடங்களிலும் இல்லை. குரு ஒரு சுற்று வரப் பன்னிரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. ஆக ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம். நாள் குறிக்கத் திதி, நட்சத்திரம் என்று ஆயிரம் இருக்க, வருஷம் குறிக்கக் குருவைப் பிடித்ததற்குக் காரணம் இந்த நடைதான். சந்திரன் இரண்டேகால் நாளில் ராசியைக் கடந்துவிடும். சூரியனுக்கு ஒரு மாதம். சனிக்கு இரண்டரை வருஷம். அதை நம்பிக் காத்திருந்தால் மண்டபக்காரர் பிழைக்க மாட்டார்.

பெரியப்பா கேட்ட வருஷம் எது என்று பார்க்க அன்று ராத்திரி பென்சிலும் பழைய காலண்டர் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெண்ணின் ரிஷபத்துக்குக் குரு பலம் தரும் ராசிகள்: மிதுனம், கன்னி, விருச்சிகம், மகரம், மீனம். பையனின் மேஷத்துக்கு: ரிஷபம், சிம்மம், துலாம், தனுசு, கும்பம். இரண்டு வரிசையையும் மேலும் கீழுமாக எழுதி, பொதுவான பெயரைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. எங்கோ தப்பு என்று நினைத்து விரல் விட்டு மறுபடி எண்ணினேன். இல்லை.

மறுநாள் தாளை மடித்துக்கொண்டு எங்கள் ஜோசியர் வீட்டுக்குப் போனேன். கும்பகோணத்தில் அக்ரஹாரத்துத் திண்ணை, எண்பதைத் தொட்ட மனிதர், மடியில் பஞ்சாங்கம். தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

“இது பக்கத்து ராசி சார். பன்னெண்டு வருஷம் இல்ல, அறுபது வருஷம் காத்திருந்தாலும் சேராது.”

“அதெப்படி?”

“ரெண்டு, அஞ்சு, ஏழு, ஒம்போது, பதினொண்ணு. இதுல எங்கயாவது அடுத்தடுத்த நம்பர் இருக்கா பாருங்க.”

இல்லை. பதினொன்றுக்கு அப்புறம் பன்னிரண்டு, ஒன்று என்று இரண்டு வீடு தள்ளித்தான் மறுபடி இரண்டு வருகிறது. ஒருவருக்கு ஐந்தில் குரு என்றால் பக்கத்து ராசிக்காரருக்கு நாலில் அல்லது ஆறில். ஒருவருக்கு ஏழு என்றால் மற்றவருக்கு ஆறு, இல்லாவிட்டால் எட்டு. இவருக்கு வந்தால் அவருக்கு இருக்காது. பிரம்மாவே முகூர்த்தம் வைத்தாலும் இதுதான்.

ராசி தள்ளிப் போனால் நிலைமை மாறுகிறது என்றும் காட்டினார். இருவருக்கும் ஒரே ராசி என்றால் ஐந்து வருஷமும் பொது. நடுவில் ஒரு ராசி விட்டு இருந்தால் மூன்று வருஷம். மற்ற எல்லா ஜோடிக்கும் பன்னிரண்டில் இரண்டே வருஷம். ‘ரெண்டு பேருக்கும் வரட்டும்’ என்று வாய் தவறிச் சொல்கிற பெரியவர், பல வருஷக் காத்திருப்பைக் கேட்கக்கூடும் என்பது அவருக்கே தெரியாது.

“அப்ப சாஸ்திரம் என்னதான் சொல்லுது?” என்றேன்.

பழைய முகூர்த்த நூல்களில் குரு பலம் பார்க்கச் சொன்னது பெண்ணுக்கு என்றார். பையனுக்கு அங்கே சூரிய பலம். சந்திர பலம் இருவருக்கும். பையனுக்குக் குரு பலம் பார்த்தது பூணூல் போடும்போது. பெண்ணுக்குக் கல்யாணமே உபநயன ஸ்தானம் என்று அந்தக் காலத்து ஸ்மிருதி சொன்னதால், அவளுக்குக் கல்யாணத்தில் குருவைப் பார்த்தார்கள். கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கசந்தது. எட்டு, பத்து வயதில் கட்டிக்கொடுத்த காலத்துக் கணக்கு இது. பெண்ணுக்குப் பதினாலு வயதாவது ஆக வேண்டும் என்று சாரதா சட்டம் வந்ததே 1929-இல்தான். அப்படிப்பட்ட வீட்டில் ‘இன்னும் வியாழ நோக்கம் வரலை’ என்ற ஒரு வாக்கியம் ஒரு குழந்தையை இன்னொரு வருஷம் பாண்டி ஆட விட்டிருக்கும். இன்றைக்கும் அந்த வாக்கியம் வேலை செய்கிறது. எம்.எஸ்ஸி. முடிக்க வேண்டும் என்று சொன்னால் கேட்காத சொந்தம், வியாழன் வரவில்லை என்றால் வாயை மூடிக்கொள்கிறது.

சூரிய பலம் பார்ப்பது சுலபம். பையன் ராசிக்குச் சூரியன் 3, 6, 10, 11-இல் இருக்க வேண்டும். சூரியன் மாதம் ஒரு ராசி என்பதால் வருஷத்தில் நாலு மாதம் கிடைத்துவிடும். மேஷத்துக்கு அவை ஆனி, புரட்டாசி, தை, மாசி. புரட்டாசியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. தை மிக அருகில் இருந்தது. மாசியில் சூரியன் கும்பத்தில், மேஷத்துக்குப் பதினொன்று. பெண்ணுக்குக் குரு மிதுனத்தில், ரிஷபத்துக்கு இரண்டு. “பழைய கணக்குப்படி ரெண்டு பேருக்கும் சேர்ந்து வர்ற மாசம் இதான்” என்று ஜோசியர் மாசியின் மேல் விரலை வைத்தார்.

இதற்கிடையில் தங்கை வேறு போன் செய்து அழுதாள். இது நடந்தது ஐப்பசியில். அவள் போனில் இருக்கும் ஜாதக ஆப் குரு கடகத்தில் என்று காட்டியிருக்கிறது. கடகம் ரிஷபத்துக்கு மூன்று, மேஷத்துக்கு நாலு, யாருக்கும் இல்லை. ஆப் சொன்னது பொய்யில்லை. திருக்கணிதப்படி குரு மிதுனத்துக்கு வந்தது 2025 மே 14. வாக்கியத்தில் அது மே 11. அங்கேயே ஒரு வருஷம் இருக்க வேண்டியவர், வேகம் கூடி அக்டோபர் 18-இல் கடகத்துக்குள் கால் வைத்தார். இதற்குத்தான் அதிசாரம் என்று பெயர். பிறகு வக்ரமாகி, டிசம்பர் 5-இல் மிதுனத்துக்கே திரும்பினார். நாற்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். அந்த நாட்களுக்குப் பழைய ராசிப் பலனா புது ராசிப் பலனா என்பதில் ஜோசியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. கல்யாணம் மாசியில் என்பதால் நாங்கள் எந்தக் கட்சியிலும் சேர வேண்டியிருக்கவில்லை. ஆனால் தேதி தாண்டினால் சிக்கல்தான். 2026 ஜூன் தொடக்கத்தில் குரு நிஜமாகவே கடகத்துக்குப் போகிறார். இந்த ஜோடிக்குப் பன்னிரண்டு ராசிகளில் இருவருக்குமே குரு பலம் இல்லாதவை மேஷமும் கடகமும் மட்டும். பாக்கிப் பத்தில் யாராவது ஒருவருக்கு உண்டு. பக்கத்து ராசிக்கு இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

பையன் வீட்டாரிடம் சூரிய பலம் என்று சொன்னால் மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகம். ஜோசியர் பையன் ஜாதகத்தை எடுத்து, அஷ்டவர்க்கம் போட்டுக் காட்டினார். எனக்கு அன்றுதான் ஒன்று புரிந்தது. இந்த 2, 5, 7, 9, 11 தனியாக நிற்கும் விதி இல்லை. குருவின் அஷ்டவர்க்கத்தில் ஏழு கிரகமும் லக்னமும் ஆக எட்டுப் பேர், ஒவ்வொருவரும் தாம் நின்ற இடத்திலிருந்து சில ராசிகளுக்குப் பரல் போடுகிறார்கள். மொத்தம் 56 பரல். அதில் சந்திரன் போடுவது ஐந்தே ஐந்து. அந்த ஐந்து இடங்கள்தான் 2, 5, 7, 9, 11. நாம் குரு பலம் என்று பேப்பரில் படிப்பது எட்டு ஓட்டில் ஒரு ஓட்டு.

“சந்திரன் மட்டும் ஓட்டுப் போட்டு மத்தவா யாரும் போடலேன்னா அந்தக் குரு பலத்துல என்ன இருக்கு? சந்திரன் போடாம மத்த ஆறு பேர் போட்டா அது குறைச்சலா?” என்றார்.

ஒரு ராசிக்குச் சராசரி நாலரைக்குக் கொஞ்சம் மேல் வரும். ஐந்தும் அதற்கு மேலும் இருந்தால் குரு அங்கே வரும்போது நல்லது செய்வார் என்பது கணக்கு. பையனுக்கு மிதுனத்தில் சந்திரன் பரல் இல்லை. மற்றவர்கள் போட்டதில் ஐந்து இருந்தது. பெண்ணுக்கு ஆறு. அதற்கும் மேலே தசாபுத்தி இருக்கிறது. கல்யாணம் நடக்குமா என்பதை அதுதான் சொல்லும், கோசாரம் கதவைத் திறந்து விடுகிற ஆள் என்று ஜோசியர் முடித்துக்கொண்டார். பேப்பரில் வரும் குரு பல அட்டவணையில் இதெல்லாம் இருக்க முடியாது. ராசி ஒன்றை வைத்து ஊரில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஜனங்களுக்கு ஒரே பலன் எழுதுகிற இடம் அது.

ஐந்து பரல் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததும் பெரியப்பா சமாதானமாகிவிட்டார். ஆலங்குடிக்குப் போய்க் கொண்டைக்கடலை மாலை சாத்திவிட்டு வருகிறோம் என்றார். போயும் வந்தார்கள். அங்கே மாலை சாத்துவது தட்சிணாமூர்த்திக்கு; குருவாகிய வியாழன் வேறு, ஞான குருவான தட்சிணாமூர்த்தி வேறு என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சம்பந்தி ஆகப்போகிறவரிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

என் பென்சில் தாளைத் தங்கை வீட்டுக்காரர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போன வாரம் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் எல்லாம் அவரவர் ராசியைக் கேட்டுக் கட்டம் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“மச்சான், அவ கடகம், நான் மிதுனம். நாங்களும் பக்கத்து ராசிதான்.”

1997 ஆவணியில் கல்யாணம். பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். குரு மகரத்தில். கடகத்துக்கு ஏழு, தங்கைக்கு முழு வியாழ நோக்கம். மிதுனத்துக்கு எட்டு.

“எனக்கு அஷ்டம குருவா?” என்று தாளையே பார்த்தார். “என்கிட்ட அப்ப யாரும் சொல்லவே இல்லையே?”

“உங்களுக்குப் பாக்கவே இல்ல” என்று உள்ளேயிருந்து அம்மா சொன்னாள்.